எந்திரப் படத்தின் பரப்பும் அது கூறும் வேலையும்

1946-ஆம் ஆண்டு புனேயில் நிறுவப்பெற்ற கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸ் நிறுவனத்தின் சிறு டீசல் எந்திரங்களைக் கிணற்றடியிலும் மாவு அரைக்கும் ஆலையிலும் பலர் கண்டிருப்பர். அவற்றுள் டி.வி.1 எனப்படும் ஒற்றைச் சிலிண்டர் எந்திரம், நம் நாட்டுப் பொறியியற் கல்லூரிகள் பலவற்றின் சோதனைக் கூடங்களிலும் இடம் பெற்றுள்ளது. மாணவர்கள் அழுத்தம்–கன அளவுப் படம் ஒன்றை உயிருள்ள எந்திரத்தில் முதன்முதலாகக் காண்பது பெரும்பாலும் இதில்தான். அப்படத்தை எவ்வாறு படிப்பது என்பதையும், அதனை எப்போது நம்பலாகாது என்பதையும் இங்கு நோக்குவோம்.

படத்தின் கிடை அச்சு சிலிண்டருக்குள் வாயு கொண்டுள்ள கன அளவையும், நிலை அச்சு அதன் அழுத்தத்தையும் காட்டும். அழுத்தத்தைப் பிஸ்டனின் முகப்பரப்பால் பெருக்கினால் விசை கிடைக்கும். விசையைப் பிஸ்டன் நகர்ந்த தொலைவால் பெருக்கினால் வேலை கிடைக்கும். முகப்பரப்பை நகர்ந்த தொலைவால் பெருக்கினால் வருவதோ கன அளவில் ஏற்பட்ட மாறுதலே. ஆகவே அழுத்தத்தைக் கன அளவின் மாறுதலால் பெருக்கினாலே வேலை வந்துவிடும். விரிவுக் கோட்டின் அடியில் உள்ள பரப்பு, வாயு பிஸ்டனுக்குக் கொடுத்த வேலை. அமுக்கக் கோட்டின் அடியில் உள்ள பரப்பு, பிஸ்டன் வாயுவுக்குச் செலவிட்ட வேலை. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் எஞ்சுவது இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட, மூடிய பரப்பு. கோடு கடிகார முள் சுழலும் திசையில் சென்றால் அவ்வேலை வரவு. எதிர்த் திசையில் சென்றால் செலவு.

ஜேம்ஸ் வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன் 1796-இல் நீராவி எந்திரத்தோடு ஓர் எழுதுகோலையும் நகரும் பலகையையும் இணைத்து இப்படத்தை எந்திரமே வரையுமாறு செய்தார். இன்று சிலிண்டர் தலையில் பொருத்திய அழுத்த உணரியும், கிராங்கின் கோணத்தை அளக்கும் கருவியும் அப்பணியைச் செய்கின்றன. இக்கருவிகள் கன அளவை நேரே அளப்பதில்லை; கிராங்கின் கோணத்திலிருந்து அதனைக் கணக்கிடுகின்றன. இதனை நினைவிற் கொள்க; பின்னர் வரும் இடர் இதிலிருந்தே பிறக்கிறது.

இனிக் கணக்கிற்கு வருவோம். டி.வி.1 எந்திரத்தின் சிலிண்டர் விட்டம் 87.5 மி.மீ.; வீச்சின் நீளம் 110 மி.மீ. எனவே ஒரு வீச்சில் பிஸ்டன் கடக்கும் கன அளவு 661 கன செ.மீ. நிமிடத்திற்கு 1500 சுற்றுகளில் அதன் திறன் 5.2 கிலோவாட். நான்கு வீச்சு எந்திரமாதலின் இரண்டு சுற்றுக்கு ஒரு வேலைச் சுழற்சி. அதாவது வினாடிக்கு 12.5 சுழற்சிகள். 5200 வாட்டை 12.5-ஆல் வகுத்தால், வெளித்தண்டில் ஒரு சுழற்சிக்குக் கிடைக்கும் வேலை 416 ஜூல் என்று அறிகிறோம்.

படத்தைக் கட்டத்தாளில் வரையுங்கால் கிடையாக 1 செ.மீ. 50 கன செ.மீ. எனவும், நிலையாக 1 செ.மீ. 5 பார் எனவும் கொள்வோம். ஒரு பார் அழுத்தத்தில் ஒரு கன செ.மீ. விரிவு 0.1 ஜூல் வேலையாகும். ஆகவே தாளின் ஒரு சதுர செ.மீ. 25 ஜூலைக் குறிக்கும். கட்டங்களை எண்ணியதில் மேற்கண்ணியின் பரப்பு 21.2 சதுர செ.மீ. வந்ததாக வைத்துக்கொள்வோம். அது 530 ஜூல் ஆகும்.

படத்தின் அடியில் மற்றொரு மெல்லிய கண்ணி உண்டு. எரிந்த வாயுவை வெளியே தள்ளவும் புதுக் காற்றை உறிஞ்சவும் ஆகும் செலவு அது. எதிர்த் திசையில் ஓடும். மேற்சொன்ன அளவில் அதன் அகலம் ஒரு மி.மீ.கூட இராதாதலால் எண்ண இயலாது. நிலை அச்சில் 1 செ.மீ. 0.2 பார் எனப் பெரிதாக்கி, தனியே வரைதல் வேண்டும். அப்போது ஒரு சதுர செ.மீ. ஒரு ஜூல். அதில் 15 சதுர செ.மீ. வந்தால் செலவு 15 ஜூல். காற்று வடிகட்டி அடைபட்டாலோ, புகைப்போக்கி கரியால் குறுகினாலோ இக்கண்ணி பருக்கும்.

எஞ்சிய வேலை 515 ஜூல். வெளித்தண்டில் வந்தது 416. இடையிலுள்ள 99 ஜூலும் உராய்விலும், எந்திரம் தானே இயக்கும் பம்புகளிலும் செலவாயிற்று என்பது முடிவு.

இம்முடிவு எவ்வளவு உறுதியானது? இருவகைப் பிழைகளை ஒப்பிட்டுப் பார்த்தால் விளங்கும். அழுத்த உணரியின் சுழிநிலை தவறி, எல்லா அழுத்தங்களும் 2 பார் கூடுதலாகப் பதிவாயின என்க. படம் முழுவதும் மேலே நகரும், பரப்போ மாறாது. விரிவில் மிகையாகச் சேர்ந்தது அமுக்கத்தில் அதே அளவு கழிந்துவிடும். ஆனால் பிஸ்டனின் மேல் முனை கிராங்கின் எக்கோணத்தில் வருகிறது என்று குறித்ததில் ஒரு பாகை தவறினால், ஒவ்வோர் அழுத்தமும் தனக்குரியதல்லாத கன அளவோடு இணைந்துவிடும். பரப்பில் ஏறத்தாழ 5 சதவிகிதம் பிழை நேரலாம். டீசல் எந்திரத்தில் அதனினும் மிகலாம். 515 ஜூலில் 5 சதவிகிதம் 26 ஜூல். வேலையின் கணக்கில் அது சிறிதாகத் தோன்றினும், 99 ஜூல் உராய்வில் அது கால் பங்கிற்கும் மேல். நல்ல எந்திரத்தைத் தேய்ந்ததென்றும், தேய்ந்ததை நல்லதென்றும் கூற இது போதும்.

இப்பிழையைப் படமே காட்டிக்கொடுக்கும். எந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் எரிபொருளை நிறுத்தி, ஃபிளைவீலின் வேகத்தால் அது சுழலும் முதற் சில சுழற்சிகளைப் பதிவு செய்க. எரிதல் இல்லாதபோது வாயு வேலை கொடுக்க இயலாது. வெப்பமும் சிறிது வாயுவும் இழக்கப்படுவதால், விரிவுக் கோடு அமுக்கக் கோட்டை ஒட்டி அதற்குச் சற்றே கீழே இறங்கும். அழுத்தத்தின் உச்சம் மேல் முனைக்கு ஒரு பாகைக்கும் குறைவாக முந்தி வரும். இதற்கு மாறாக, விரிவுக் கோடு மேலே சென்று கடிகாரத் திசையில் பரப்பு தோன்றினால், மேல் முனை உரிய இடத்திற்கு முன்னதாகக் குறிக்கப்பட்டுள்ளது. எரிபொருளோடு ஓடும் படத்தின் பரப்பும் மிகையாகவே வந்திருக்கும். விரிவுக் கோடு மிகவும் தாழ்ந்து, உச்சம் பல பாகை முந்தினால், குறி பிந்தியிருக்கலாம். அன்றி வளையங்களின் வழியே வாயு கசியலாம். கசிவாயின் அமுக்கத்தின் உச்ச அழுத்தமும் குறைந்திருக்கும்.

மேல் முனையைக் கண்ணால் பார்த்துக் குறிப்பது பயன்படாது. இவ்வெந்திரத்தில் மேல் முனையிலிருந்து கிராங்க் ஒரு பாகை திரும்பும்போது பிஸ்டன் ஒரு மி.மீ.-இல் நூறில் ஒரு பங்கே இறங்குகிறது. ஆனால் 20 பாகையில் அது 4 மி.மீ. இறங்கிவிடும், அங்கே அதன் நகர்வும் விரைவு. ஆதலின் 4 மி.மீ. தாழ்ந்த நிலையை அளவுமானியால் பிடித்து, மேல் முனைக்கு முன்னும் பின்னும் ஃபிளைவீலில் இரு குறிகள் இட்டு, அவற்றின் நடுவையே மேல் முனையாகக் கொள்ளல் வேண்டும். பின்னர் எரிபொருளின்றி ஒரு படம் எடுத்து அதனைச் சரிபார்த்த பிறகே, எரிபொருளோடு ஓடும் எந்திரத்தின் பரப்பை எண்ணத் தொடங்குதல் தகும். அப்போதும் ஒரே சுழற்சியை நம்பாது, நூறு சுழற்சிகளின் சராசரியைக் கொள்க. அடுத்தடுத்த சுழற்சிகள் ஒன்றுபோல் எரிவதில்லை.