அப்பத்தா காதுக்கு ஒரு வாழ்த்து

எங்கள் அப்பத்தாவிடம் இருப்பது பட்டன் போன். அதில் பேசினால் பாதி வார்த்தை அவருக்குப் பிடிபடாது. வயதானால் உச்ச ஒலிகள்தான் முதலில் மங்கும். ச, த போன்ற எழுத்துகள் குழம்பிப்போகும். எதிரே உட்கார்ந்து, வாயசைவு தெரியப் பேசினால் புரிந்துகொள்வார். அதனால் இந்தப் பிறந்தநாளுக்கு நான் வாழ்த்தை எழுதி, ஊரில் இருக்கும் சித்தப்பா மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், படித்துக்காட்டச் சொல்லி.

முதலில் எழுதியது, "அன்புள்ள அப்பத்தா, தாங்கள் நீண்ட ஆயுளுடன் வாழ இறைவனை வேண்டுகிறேன்" என்று போனது. வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். ரேடியோ செய்தி மாதிரி இருந்தது. இன்னொரு சிக்கலும் தெரிந்தது: "வேண்டுகிறேன்" என்று தங்கச்சி படித்தால், வேண்டுவது அவள் என்றாகிவிடும். அடுத்தவர் வாயில் "நான்" இடம் மாறிவிடுகிறது. எழுதியது யார் என்பதை முதல் வரியிலேயே, அவள் குரலிலேயே சொல்லியாக வேண்டும். திருத்தியது இது:

"அப்பத்தா, மெட்ராஸ்ல இருக்க உன் மூத்த பேத்தி எழுதிவிட்டிருக்கா. அவ சொன்னத அப்படியே படிக்கிறேன், கேளு.

இன்னைக்கு ஆவணி ரோகிணி. உன் பொறந்தநாளு.

போன வாரம் பூண்டுக்கொழம்பு வச்சேன். நீ சொன்ன மாதிரி நல்லெண்ணெயிலதான் வதக்குனேன். ஆனா உன் ருசி வரல. நீ எவ்வளவு புளி போடுவ?

தீவாளிக்கு மொத நாள் காலையில வந்துருவேன். டிக்கெட் எடுத்தாச்சு."

நிதானமாகப் படித்தால் அரை நிமிடம். ஆங்கிலத் தேதி அப்பத்தாவுக்கு ஒட்டாது. மாசமும் நட்சத்திரமும்தான் அவர் கணக்கு. கேக் படம், இதயப் படம் எதுவும் போடவில்லை. அவற்றை வாயால் படிக்க முடியாது. "சீக்கிரம் வர்றேன்" என்றும் எழுதவில்லை. "எப்ப வர்றா?" என்று அவர் திருப்பிக் கேட்டால் தங்கச்சி என்ன சொல்வாள்? கேள்வி ஒன்றே ஒன்றுதான். இரண்டு கேட்டால் முதல் கேள்விக்குப் பதில் வருவதற்குள் அடுத்தது வந்துவிடும். வீட்டில் நாலு பேர் கேட்பார்கள் என்பதால் பணம், மனஸ்தாபம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

தங்கச்சிக்கான குறிப்பைத் தனிச் செய்தியாக அனுப்பினேன். வாழ்த்துக்குள்ளேயே அடைப்புக்குறி போட்டு எழுதினால், படிக்கிற வேகத்தில் அதையும் சேர்த்துப் படித்துவிடுவாள். "டிவியை அமத்திட்டு, எதுக்க உக்காந்து படி. கத்தாத, மெதுவாச் சொல்லு. இடைவெளி விட்ட எடத்துலல்லாம் நிறுத்து. புளிக்கு என்ன சொல்லுதுன்னு கேட்டு எழுது."

சாயந்திரம் பதில் வந்தது: "நெல்லிக்காயளவு போதுமாம். நீ எலுமிச்சம்பழம் அளவு போட்டிருப்பேன்னு சொல்லுது."

சரிதான். எலுமிச்சம்பழம் அளவுதான் போட்டிருந்தேன்.