துண்டு துண்டாக நெய்யப்படும் இழை

டிஎன்ஏ இரட்டிக்கும்போது ஹெலிகேஸ் என்ற நொதி இரு இழைகளையும் பிரித்துக்கொண்டே முன்னேறுகிறது. பிரியும் இடம் கவட்டை போலிருக்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பழைய இழைகள் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன; புதிய இழையைக் கட்டும் டிஎன்ஏ பாலிமரேஸோ 5'→3' திசையில் மட்டுமே கட்டும்.

ஒரு பக்கத்தில் தொல்லையில்லை. கவட்டை திறக்கத் திறக்க, முன்னணி இழை தொடர்ச்சியாக வளரும். மறுபக்கம் என்ன ஆகிறது?

1960களில் ஜப்பானின் நகோயாவில் ரெய்ஜி ஒகசாகி, ட்சுனேகோ ஒகசாகி தம்பதி அதைத் தேடினார்கள். ஈ.கோலை பாக்டீரியாவுக்குக் கதிரியக்கத் தைமிடினைச் சில நொடிகள் மட்டும் கொடுத்து நிறுத்தினார்கள். அப்போதுதான் உருவான டிஎன்ஏ சிறு துண்டுகளாகவே இருந்தது: ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1000 முதல் 2000 நியூக்ளியோடைடு நீளம். சற்று நேரம் விட்டுப் பார்த்தால் அதே கதிரியக்கம் நீண்ட இழைகளில் இருந்தது. துண்டுகள் ஒட்டப்பட்டுவிட்டன!

பின்தங்கும் இழை இப்படித்தான் உருவாகிறது. பாலிமரேஸால் வெறுமையிலிருந்து தொடங்க முடியாது. எனவே பிரைமேஸ் ஒவ்வொரு துண்டுக்கும் குட்டி ஆர்என்ஏ தொடக்கத்தை வைக்கிறது. அதிலிருந்து பாலிமரேஸ் III, கவட்டைக்கு எதிர்த்திசையில் கட்டுகிறது. பிறகு பாலிமரேஸ் I அந்த ஆர்என்ஏவை அகற்றி டிஎன்ஏவால் நிரப்புகிறது.

கடைசி இடைவெளியை மூடுவது லிகேஸ். அது இல்லாவிட்டால்? லிகேஸ் பழுதான டி4 வைரஸில் துண்டுகள் ஒட்டாமல் குவிந்தன.