முதல் அறையின் நேரமும் கடைசி அறையின் நேரமும்

ஒரே குழு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, ஒவ்வொரு முறைக்கும் பிடிக்கும் நேரம் குறைந்துகொண்டே வரும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எஸ்டிமேட் போடுபவருக்குத் தெரிய வேண்டியது, அது எந்தக் கணக்கில் குறைகிறது என்பது. அமெரிக்க விமானப் பொறியாளர் டி. பி. ரைட் 1936-இல் இதற்கு ஒரு விதியை வெளியிட்டார்: எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் உழைப்பு நேரம் ஒரே விகிதத்தில் குறைகிறது. விமானத்துக்கு அவர் கண்ட விகிதம் 80 சதவீதம். கட்டட வேலைகளில் குறைவு இவ்வளவு இருப்பதில்லை. விகிதம் பெரும்பாலும் 90 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். இந்த விதியை வரைந்து காட்டும் கோட்டுக்குக் கற்றல் வளைகோடு என்று பெயர்.

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் அச்சாக ஒரே மாதிரியான 32 குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கொத்தனார், ஓர் உதவியாள். முதல் அறைக்கு இருவருக்கும் சேர்த்து 50 ஆள்மணி ஆகிறது. வெட்டிய துண்டுகளை எந்த மூலையில் ஒளித்து வைப்பது, குழாய் வரும் இடத்தில் ஓட்டை எப்படிப் போடுவது, தண்ணீர் வடிய வாட்டம் எங்கிருந்து தொடங்குவது என்று ஒவ்வொன்றையும் அங்கேதான் யோசிக்க வேண்டியிருக்கும். இரண்டாவது அறையில் இந்த முடிவுகள் தயாராக இருக்கும். விகிதம் 90 சதவீதம் என்றால் இரண்டாவது அறைக்கு 45, நான்காவதற்கு 40.5, எட்டாவதற்கு சுமார் 36.5, பதினாறாவதற்கு 32.8, முப்பத்திரண்டாவதற்கு 29.5 ஆள்மணி ஆகும். முதல் அறையிலிருந்து இரண்டாவதுக்குள் 5 மணி குறைந்தது; கடைசி 16 அறைகள் முழுவதிலும் சேர்ந்து குறைந்தது சுமார் 3 மணிதான்.

தவறு நேர்வது கூட்டும்போது. முதல் அறையை அளந்து 32-ஆல் பெருக்கினால் 1,600 ஆள்மணி வரும். அந்த விலையில் டெண்டர் கிடைப்பது கடினம். பழைய சைட்டில் அதே குழு வேலையின் முடிவில் எட்டிய 29.5 மணியைப் பெருக்கினால் 945 வரும். டெண்டர் கிடைக்கும், நஷ்டமும் கூடவே வரும். ஒவ்வோர் அறையின் நேரத்தையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினால் கிடைப்பது சுமார் 1,096. இதுவே சரியான தொகை.

இன்னொரு பொறி, 90 சதவீதம் என்ற எண்ணிலேயே இருக்கிறது. ரைட்டின் விதி, அதுவரை முடிந்த எல்லா அலகுகளின் சராசரி நேரத்தைப் பற்றியது. பின்னால் வந்த இன்னொரு முறை, அந்தந்த அலகின் தனி நேரத்தையே எடுத்துக்கொள்கிறது. மேலே போட்ட கணக்கு இரண்டாவது வகை. அதே 90 சதவீதத்தைச் சராசரிக்குப் பொருத்தினால் 32 அறைகளின் சராசரியே 29.5 ஆகிவிடும், மொத்தம் 945-க்கு இறங்கிவிடும். ஒரே எண், 150 ஆள்மணி வித்தியாசம். பிறர் தரும் சதவீதத்தை வாங்குமுன், அது எதன் சதவீதம் என்று கேட்டே ஆக வேண்டும்.

வேலையைச் சீக்கிரம் முடிக்க இரண்டு குழுக்களை இறக்கினால் என்ன ஆகும்? இரண்டும் முதல் அறையிலிருந்தே கற்கத் தொடங்கும். தலைக்கு 16 அறைகள், குழுவுக்கு சுமார் 602, மொத்தம் 1,204. நாட்கள் ஏறத்தாழ பாதியாகும். கூலியில் 108 ஆள்மணி கூடும். அவசரத்தின் விலை அது, அதை எஸ்டிமேட்டில் எழுத வேண்டும். பதினாறாவது அறையோடு குழுவை வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டு மாதங்கள் கழித்து அழைத்தாலும் இதே கதைதான்: பதினேழாவது அறை, விட்ட இடத்திலிருந்து தொடங்காது. பாதி ஆட்கள் மாறியிருந்தால் இன்னும் பின்னால் போகும். டைல் அளவையோ குழாய் இருப்பிடத்தையோ நடுவில் மாற்றினாலும் அப்படியே.

சொந்த விகிதத்தைக் கண்டுபிடிக்க, ஒவ்வோர் அறைக்கும் ஆன மணியை மேஸ்திரி தனித்தனியே எழுதி வைத்தால் போதும். வாரக் கூலிக் கணக்கில் எல்லா அறைகளும் கலந்துவிடும், அதிலிருந்து எதுவும் தெரியாது. எட்டாவது அறையின் நேரத்தை நான்காவதால் வகுத்து, பதினாறை எட்டால் வகுத்துப் பார்க்கலாம். இரண்டு விடையும் அருகருகே இருந்தால் விகிதத்தை நம்பலாம். நெடுக விலகினால், இடையில் பொருள் தாமதமோ ஆள் மாற்றமோ இருந்திருக்கும். அதை நீக்கிவிட்டுத்தான் விகிதம் பார்க்க வேண்டும்.

இந்தக் குறைவு மனித உழைப்புக்கு மட்டுமே. டைல்ஸ், சிமெண்ட் விலை இதனால் இறங்காது. ஒட்டிய டைல் இறுக எடுக்கும் நேரமும் முப்பத்திரண்டாவது அறையில் முதல் அறையில் இருந்த அளவேதான்.