கல்லடைப்போடு குளிர் நடுக்கம் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது

இடுப்பு வலி என்றால் நமது லயங்களில் யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. கொழுந்துக் கூடை சுமக்கிறவர்களுக்கு இடுப்பு வலிக்காத நாள் எது? ஆனால் சிறுநீரகக் கல் தரும் வலி வேறு மாதிரியானது. அதை அடையாளம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அந்த வலியோடு காய்ச்சலும் சேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அதைவிட முக்கியமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நாற்பது வயதைத் தாண்டிய, கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணியிருக்கும். வலது பக்கம், கடைசி விலா எலும்புக்குக் கீழே முதுகில் வலி தொடங்குகிறது. கொஞ்ச நேரத்தில் அது விலாவைச் சுற்றி முன்பக்கம் வந்து, அடிவயிற்றுக்கும் தொடைச் சந்துக்கும் இறங்குகிறது. படுக்கிறார், எழும்புகிறார், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். எப்படி இருந்தாலும் சுகமில்லை. இரண்டு முறை வாந்தி. "புள்ள பெத்த வலிகூட இப்படி இல்லீங்க" என்று புருஷனிடம் சொல்லி அழுகிறார். பிறகு வலி தணிகிறது. ஒரு மணித்தியாலம் கழித்து மறுபடியும் அலைபோல ஏறுகிறது.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு மூத்திரத்தைக் கொண்டுவரும் குழாய் மிகவும் ஒடுக்கமானது. கல் அதில் இறங்கிச் சிக்கிக்கொண்டால் மேலே மூத்திரம் தேங்கிச் சிறுநீரகம் வீங்கும். குழாயும் கல்லைத் தள்ளப் பார்த்து இறுக்கிப் பிடிக்கும். அதனால்தான் வலி அலை அலையாக வருகிறது. கல் கீழே இறங்க இறங்க வலியும் இறங்கும். ஆண்களுக்கு அது விதை வரைக்கும் போகும். சிறுநீர்ப்பைக்குப் பக்கத்தில் கல் வந்துவிட்டால் அடிக்கடி மூத்திரம் முட்டும், போனால் எரியும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. குடல்வால் அழற்சி வந்தவர் அசையாமல் படுத்திருப்பார், அசைந்தால் வலி கூடும். கல்லடைப்பு வந்தவரால் அசையாமல் இருக்கவே முடியாது. ஆனால் இந்த அடையாளத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு முதல்முறையாக இப்படி வந்தால், வயிற்றிலுள்ள பெரிய இரத்தக் குழாய் வீங்கி வெடிப்பதாகவும் இருக்கலாம். மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு வந்தால் கர்ப்பம் இடம் மாறித் தங்கியிருக்கலாம். இவர்களை நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

காலையில் அக்காவைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போகிறார்கள். மூத்திரத்தைச் சோதித்தால் இரத்தம் கலந்திருக்கிறது. டைக்ளோபெனாக் மருந்து கொடுத்ததும் வலி நன்றாகக் குறைகிறது. இந்த வலிக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரக வியாதி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைச் சொல்லிவிட்டே மருந்து வாங்க வேண்டும். வலி நேரத்தில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் கல் அடித்துக்கொண்டு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி வராது. தாகத்துக்குக் குடித்தால் போதும்.

பிறகு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிறார்கள். ஜெல் தடவி வயிற்றின் மேல் உருட்டுகிற, ஒலி அலையால் பார்க்கும் ஸ்கேன் அது. சிறுநீரகம் சற்று வீங்கியிருப்பது தெரிகிறது. கல்லைக் காணவில்லை. "ஸ்கேன்ல கல்லு இல்லைன்னுட்டாங்க" என்ற பேச்சு லயம் முழுக்கப் பரவுகிறது. இந்தப் பேச்சுத்தான் பலரைக் கெடுக்கிறது. அந்த ஸ்கேனில் சிறுநீரகத்துக்குள் இருக்கும் கல்லும், சிறுநீர்ப்பைக்குப் பக்கத்தில் வந்த கல்லும் தெரியும். நடுக்குழாயில் நிற்கும் கல் பெரும்பாலும் குடல் காற்றுக்குப் பின்னால் மறைந்துவிடும். ஆகவே வீக்கம் தெரிந்தாலே அடைப்பு இருக்கலாம் என்று அர்த்தம். சாதாரண எக்ஸ்ரேயில் சுண்ணாம்புச் சத்துள்ள கல் தெரியும், யூரிக் அமிலக் கல் தெரியாது. மருந்து ஏற்றாமல் எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் கல்லின் அளவையும் அது நிற்கும் இடத்தையும் சரியாகக் காட்டும். அதில் கதிர்வீச்சு இருப்பதால் கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் ஜெல் ஸ்கேன்தான்.

அக்காவுக்குச் சி.டி.யில் 6 மில்லிமீட்டர் கல் தெரிகிறது. 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் பெரும்பாலானவை சில வாரங்களில் தானாக வெளியேறிவிடும். 5 முதல் 10 வரை என்றால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஆகவே காய்ச்சல் இல்லை, வலி அடங்குகிறது, சிறுநீரகம் வேலை செய்கிறது என்றால் மருந்தோடு காத்திருப்பது சரியான வைத்தியம். டாக்டர் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறார். காத்திருக்கும் நாட்களில் மூத்திரத்தை மெல்லிய துணியில் வடித்து, விழும் கல்லை எடுத்து வைக்க வேண்டும். வலி நின்றதை மட்டும் வைத்துக் கல் போய்விட்டது என்று நினைக்க முடியாது. அடைப்பு அப்படியே இருக்க, வலி மட்டும் அடங்கிவிடுவதும் உண்டு.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் இரவு அக்காவுக்குக் குளிர் எடுக்கிறது. இரண்டு கம்பளி போர்த்தியும் பல் கிட்டுகிறது. மலையில் நனைந்ததால் வந்த குளிர் காய்ச்சல் என்று பனடோல் இரண்டு கொடுக்கிறார்கள். விடிந்ததும் பார்க்கலாம் என்கிறார் மாமியார். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

அடைபட்ட மூத்திரத்தில் கிருமி புகுந்துவிட்டால் அது சீழாக மாறும். வெளியேற வழியில்லாததால் கிருமி இரத்தத்தில் கலந்துவிடுகிறது. ஊசி மூலம் ஏற்றும் கிருமிநாசினி மருந்து அடைபட்ட சிறுநீரகத்துக்குள் போதிய அளவு போய்ச் சேராது. மருந்தும் வேண்டும், தேங்கியதை வடிக்கவும் வேண்டும். மருந்து மட்டும் கொடுத்து நாளை நாளை என்று தள்ளினால் உயிர் போகலாம். நாளைக் கணக்கிட நேரமில்லை, மணித்தியாலக் கணக்குத்தான்.

நல்ல வேளையாகப் புருஷன் விடியும்வரை இருக்காமல் 1990க்கு அழைத்துச் சுவசெரிய வண்டியில் ஏற்றிவிடுகிறார். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் 39 பாகை, நாடி 120, இரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. மருந்து தொடங்கி, அன்று இரவே அடைப்பைத் திறக்கிறார்கள். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. சிறுநீர்ப்பை வழியாகக் கருவியை விட்டு, கல்லைத் தாண்டி மெல்லிய குழாய் ஒன்றைச் சிறுநீரகம் வரை வைப்பது ஒன்று. முதுகு வழியாக ஊசி போட்டுச் சிறுநீரகத்துக்குள் குழாய் வைத்து வெளியே ஒரு பையில் வடிப்பது மற்றது. இரண்டும் நல்ல வழிதான். எது உடனே கிடைக்குமோ அதைச் செய்வார்கள். அக்காவுக்கு உள்ளே குழாய் வைக்கிறார்கள், சீழ் கலந்த மூத்திரம் வடிகிறது.

"ஒப்பரேஷன் பண்ணியும் கல்லை எடுக்கலையே" என்று வீட்டார் சண்டைக்குப் போகக் கூடாது. கிருமி உள்ள நேரத்தில் கல்லை நோண்டினால் விஷம் உடம்பெல்லாம் பரவும். கிருமி அடங்கி, சில வாரங்கள் கழித்துத்தான் கல்லை உடைத்து எடுப்பார்கள்.

காய்ச்சல் இல்லாமலும் அவசரமாக வடிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஒரே சிறுநீரகம் உள்ளவர், இரண்டு பக்கமும் அடைபட்டவர், மூத்திரமே நின்றுபோனவர், மருந்துக்கும் வலியோ வாந்தியோ அடங்காதவர் ஆகியோர் அப்படிப்பட்டவர்கள். வயதானவர்களுக்கும் சீனி வியாதிக்காரருக்கும் கிருமி ஏறினாலும் உடம்பு சுடாமல் இருக்கலாம். பேச்சுத் தடுமாறுவது, சோர்ந்து கிடப்பது, மூச்சு வேகமாக வாங்குவது இவையே அவர்களுக்கு அடையாளம். கல்லடைப்பு என்று தெரிந்த ஒருவருக்குக் குளிர் நடுக்கம் வந்தால், பனடோல் போட்டுச் சூடு இறங்கிவிட்டது என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. போகும்போது பழைய துண்டையும் ஸ்கேன் படத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். "கல் இருக்கு, இப்ப குளிர் நடுக்கம்" என்று வாசலிலேயே சொல்லுங்கள்.

அக்கா எட்டாம் நாள் வீடு திரும்பினார். உள்ளே குழாய் இருக்கும்வரை மூத்திரம் அடிக்கடி முட்டும், சில நாள் சிவந்து போகும், போகும்போது முதுகில் சுருக்கென்று வலிக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் குழாயை எடுக்கும் தவணையை மறந்துவிடாதீர்கள். பேர் போய்விடுமே என்றோ வண்டிக் கூலிக்கு யோசித்தோ தவணையை விட்டவர்களுக்கு, அந்தக் குழாயின் மேலேயே கல் கட்டி, அதை எடுக்கப் பெரிய ஒப்பரேஷன் தேவைப்பட்டிருக்கிறது. பொதுவாக மூன்று மாதத்துக்குள் அதை எடுக்கவோ மாற்றவோ வேண்டும். கிளினிக் துண்டில் திகதி எழுதியிருக்கிறதா என்று ஆஸ்பத்திரியை விட்டு வரும்முன் பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.