செப்டம்பர் வியாபாரம் உண்மையிலேயே சரிந்ததா?

ஜவுளிக்கடைகளில் மாதாந்திர அறிக்கை வந்ததும் செப்டம்பர் மாதத்துக்குத்தான் முதல் திட்டு விழும். ஆடித் தள்ளுபடியில் கூட்டம் அலைமோதிய ஜூலையோடு ஒப்பிட்டால் எந்த செப்டம்பரும் தேறாது. ஒவ்வொரு மாதத்துக்கும் இயல்பாக எவ்வளவு விற்கும் என்று தெரியாமல் இரண்டு மாதங்களை அருகருகே நிறுத்துவது அந்த மாதத்தில் உழைத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். இயல்பு என்ன என்பதைச் சொல்வதுதான் பருவக் குறியீடு.

ஒரு நடுத்தரக் கடையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். 2022-ல் அதன் ஆண்டு விற்பனை 96 லட்சம், அதாவது மாதச் சராசரி 8 லட்சம். 2023-ல் சராசரி 9 லட்சம், 2024-ல் 10 லட்சம். ஒரு மாத விற்பனையை அந்தந்த ஆண்டின் சராசரியால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 2024 ஜூலையில் 11.7 லட்சம் விற்றிருந்தால் அதன் எண் 117. முந்தைய இரண்டு ஆண்டுகளின் ஜூலை எண்கள் 110, 115 என்றால், மூன்றின் சராசரி 114. இதுதான் ஜூலையின் குறியீடு. செப்டம்பருக்கு 66, 57, 57 என்று வருகிறது, சராசரி 60. இப்படிப் பன்னிரண்டு மாதங்களுக்கும் போட்டுக் கூட்டினால் 1200 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ கணக்குப் பிசகியிருக்கிறது.

2020, 2021 ஆண்டுகளை இதில் சேர்க்கக் கூடாது. ஊரடங்கில் கடை மூடிக் கிடந்த மாதங்கள் பருவத்தைச் சொல்லாது. வியாபாரம் வேகமாக வளரும் கடைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஆண்டுச் சராசரியால் வகுத்தால், வளர்ச்சியின் பலன் மட்டுமே டிசம்பரை உயர்த்தி ஜனவரியைத் தாழ்த்திக் காட்டும். அங்கே, அந்த மாதத்தை நடுவில் வைத்து முன்னும் பின்னுமாக ஓராண்டுக்கு எடுத்த நகரும் சராசரியால் வகுப்பதே சரி.

இப்போது 2025-க்கு வருவோம். ஜூலை விற்பனை 12.54 லட்சம், செப்டம்பர் விற்பனை 6.9 லட்சம். வெறும் கண்ணுக்கு 45 சதவீதச் சரிவு. குறியீட்டால் வகுத்து நூறால் பெருக்கினால் ஜூலை 11 லட்சம், செப்டம்பர் 11.5 லட்சம். திட்டு வாங்க வேண்டிய மாதம் பாராட்டு வாங்குகிறது. பலர் இந்த இடத்திலேயே அறிக்கையை முடித்துவிடுகிறார்கள். முடிக்கக் கூடாது.

செப்டம்பரின் மூன்று எண்களைத் திரும்பப் பாருங்கள். 66 மட்டும் ஏன் தனித்து நிற்கிறது? காரணம் தீபாவளி. 2022-ல் அது அக்டோபர் 24-ல் வந்தது. 2023-ல் நவம்பர் 12. 2024-ல் அக்டோபர் 31. துணி வாங்கும் கூட்டம் பண்டிகைக்கு முந்தைய நான்கு வாரங்களில்தான் கடைக்கு வருகிறது என்று கொண்டால், 2022-ல் அந்த நான்கு வாரத்தின் ஐந்து நாட்கள் செப்டம்பருக்குள் விழுகின்றன. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒரு நாள்கூட விழவில்லை. ஆங்கில மாதக் கணக்கு இதை அறியாது. ஒரு மாதத்தின் எண்கள் ஆண்டுக்கு ஆண்டு இப்படி விலகி நின்றால், சராசரி எடுக்கும் முன் நின்று காரணம் தேட வேண்டும்.

2025-ல் தீபாவளி அக்டோபர் 20. எனவே செப்டம்பர் 22 முதல் ஒன்பது நாட்கள் தீபாவளிக் கணக்கில் சேரும். அந்த ஒன்பது நாள் விற்பனை 2.7 லட்சம் என்று பில்களிலிருந்து தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கழித்தால் மீதி 21 நாளுக்கு 4.2 லட்சம், நாளொன்றுக்கு 20,000 ரூபாய். முப்பது நாளுக்கு 6 லட்சம். தீபாவளி கலக்காத செப்டம்பரின் குறியீடு 57. வகுத்தால் சுமார் 10.5 லட்சம். ஜூலையைவிடச் சற்றுக் குறைவு! சரிவும் இல்லை, சாதனையும் இல்லை. ஏறக்குறைய வழக்கமான மாதம்.

என் கருத்தில் ஜவுளிக்கடைக்கு மாதக் குறியீட்டைவிட முக்கியம், அந்த நான்கு வாரத்தைப் பதிமூன்றாவது மாதம்போலத் தனியே பிரித்து வைப்பதுதான். தீபாவளியை முந்தைய தீபாவளிகளோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். மிஞ்சிய நாட்களை, நாள் சராசரியாக, மாதக் குறியீட்டோடு ஒப்பிடலாம். இதற்குத் தினசரி விற்பனைக் கணக்கு இருந்தாக வேண்டும். மாத மொத்தம் மட்டும் வைத்திருக்கும் கடை இந்தப் பிரிப்பைச் செய்ய முடியாது.

ஒன்றை மட்டும் குறியீடு பிரித்துத் தராது. 2025-ல் அதே செப்டம்பர் 22 அன்றுதான் ஆயிரம் ரூபாய்க்கு மேல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைகளின் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. அந்த ஒன்பது நாள் கூட்டத்தில் பண்டிகைக்காக வந்தவர் எத்தனை, விலை குறைந்ததற்காக வந்தவர் எத்தனை என்பதை அறிய, அந்த விலைக்குட்பட்ட ஆடைகளின் விற்பனையைத் தனியே எடுத்து, வரி மாறாத மற்றத் துணிகளோடு வைத்துப் பார்க்க வேண்டும்.