4 நிமிடம் 37 வினாடிப் பாடலில் எத்தனை ஃபிரேம்?

வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் நிலைப்படங்களின் வரிசை. அந்தப் படங்களில் ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். வினாடிக்கு எத்தனை ஃபிரேம் ஓடுகிறது என்ற கணக்குதான் ஃபிரேம் ரேட். திரையரங்குப் படங்களுக்கு 24, இந்தியத் தொலைக்காட்சிக்கு 25 என்பது நெடுநாள் வழக்கம். எடிட்டர் வெட்டுவதும் ஒட்டுவதும் ஃபிரேம் கணக்கில். இசையமைப்பாளரும் விளம்பர நிறுவனமும் பேசுவது நிமிடக் கணக்கில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக இரண்டே சூத்திரங்கள் போதும்.

```
ஒரு ஃபிரேமின் நேரம் (மில்லி வினாடி) = 1000 / ஃபிரேம் ரேட்
மொத்த ஃபிரேம் = வினாடி × ஃபிரேம் ரேட் + மீதி ஃபிரேம்
```

25 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றும் திரையில் சரியாக 40 மில்லி வினாடி நிற்கும். 24 என்றால் கணக்கு அப்படி முடிவதில்லை. 1000-ஐ 24-ஆல் வகுத்தால் 41.666... என்று ஆறு வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான குழப்பங்களுக்கு இந்த முடியாத ஆறுதான் விதை.

எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் நேரம் நான்கு பகுதிகளாகத் தெரியும்: மணி, நிமிடம், வினாடி, ஃபிரேம். இதற்கு டைம்கோடு என்று பெயர். ஒரு பாடலின் நீளம் 00:04:37:12 என்று காட்டுவதாகவும், டைம்லைன் 24-இல் இருப்பதாகவும் கொள்ளலாம். முதலில் நிமிடத்தை வினாடியாக்க வேண்டும்: 4 × 60 + 37 = 277. அதை 24-ஆல் பெருக்கினால் 6648. கடைசியில் நிற்கும் 12-ஐக் கூட்டினால் 6660 ஃபிரேம். திருப்பிப் பார்க்க 6660-ஐ 24-ஆல் வகுத்தால் 277.5 வினாடி வருகிறது.

அந்தக் கடைசி 12 என்பது வினாடியின் தசமம் அல்ல, ஃபிரேம் எண்ணிக்கை. 24-இல் 12 ஃபிரேம் என்றால் அரை வினாடி. சப்டைட்டில் கோப்பு தயாரிப்பவர்கள் இங்கேதான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். SRT கோப்பில் கடைசிப் பகுதி மில்லி வினாடியில் எழுதப்படும். டைம்லைனில் 00:04:37:12 என்று இருப்பது அங்கே 00:04:37,500 என்று வரவேண்டும். கவனிக்காமல் 00:04:37,120 என்று எழுதினால் வசனம் 380 மில்லி வினாடி முந்திக்கொள்ளும். 24-இல் அது ஒன்பது ஃபிரேமுக்கு மேல். கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

இந்தக் கணக்கில் தோராயம் எங்கே நுழையலாம், எங்கே கூடாது என்பதற்கு ஒரு விதி உண்டு. ஒரு ஃபிரேமின் நேரத்தை முதலில் முழு எண்ணாக்கிவிட்டுப் பிறகு பெருக்கக் கூடாது. 41.666-ஐ 42 என்று எடுத்துக்கொண்டு 6660-ஆல் பெருக்கினால் 279.72 வினாடி வரும். பாடல் காகிதத்தில் இரண்டு வினாடிக்கு மேல் நீண்டுவிடும். ஆகவே ஃபிரேம் எண்ணிக்கையை முழுதாக வைத்துக்கொண்டு, கடைசி அடியில் ஒரே ஒரு முறை வகுப்பதுதான் சரியான வழி. எதிர்த்திசையில் போகும்போதும் இதுவே முறை. 3.4 வினாடிக்கு ஒரு ஷாட் வேண்டும் என்று கேட்டால் 3.4 × 24 = 81.6. பாதி ஃபிரேம் என்று ஒன்று இல்லாததால் 81 அல்லது 82 என்று எடிட்டர் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இன்னொரு இடறல், எண்ணத் தொடங்கும் இடம். டைம்கோடு பூஜ்யத்தில் தொடங்குகிறது. 6660 ஃபிரேம் கொண்ட பாடலின் முதல் ஃபிரேம் 00:00:00:00; கடைசி ஃபிரேம் 00:04:37:11, 12 அல்ல. தொடக்க ஃபிரேம், இறுதி ஃபிரேம் இரண்டும் கணக்கில் சேருமானால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, அதோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். கிராஃபிக்ஸ் வேலைக்கு வெளியே அனுப்பும் ஷாட்டுகள் ஒரு ஃபிரேம் குறைந்து திரும்பி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

அதே 6660 ஃபிரேமை, ஒன்றைக்கூடச் சேர்க்காமல் நீக்காமல், 25-இல் ஓட்டினால் 266.4 வினாடியில் முடிந்துவிடும். 0.4 வினாடியை 25-ஆல் பெருக்கினால் 10 ஃபிரேம். ஆகவே டைம்கோடு 00:04:26:10 என்று காட்டும். படம் நான்கு சதவீதத்துக்குச் சற்று அதிகமான வேகத்தில் ஓடுகிறது. ஒலியையும் அப்படியே வேகப்படுத்தினால் குரலின் சுருதி ஏறக்குறைய முக்கால் அரைச்சுரம் உயர்ந்துவிடும். இரண்டரை மணி நேரத் திரைப்படம் இந்த முறையில் 144 நிமிடமாகச் சுருங்குகிறது. ஒரு படத்தின் நீளம் இரண்டு இடங்களில் வேறு வேறாகக் குறிக்கப்பட்டிருந்தால், வெட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்தப் பெருக்கலைச் செய்து பார்ப்பது நல்லது.

24-க்கும் 25-க்கும் இடையிலான வித்தியாசத்தைக் காது உடனே கண்டுபிடித்துவிடும். 24-க்கும் 23.976-க்கும் உள்ள வித்தியாசம் அப்படி அல்ல, அது ஒளிந்துகொள்ளும். பல கேமராக்களின் மெனுவில் 24.00, 23.98 என்று இரண்டும் அருகருகே இருக்கும். பின்னதன் உண்மையான மதிப்பு 24000-ஐ 1001-ஆல் வகுத்தால் வருவது. அமெரிக்காவில் 1953-இல் வண்ணத் தொலைக்காட்சிக்கான தரம் ஏற்கப்பட்டபோது, வண்ணச் சமிக்ஞை ஒலிச் சமிக்ஞையோடு மோதிப் படத்தில் கோடுகள் விழாமலிருக்க, வினாடிக்கு 30 ஃபிரேம் என்பதை 30000/1001 ஆகக் குறைத்தார்கள். அந்தத் தொலைக்காட்சிக்குப் போகும் திரைப்படங்களும் அதே விகிதத்தில் மெதுவாக்கப்பட்டன. அந்த ஏற்பாட்டின் மிச்சம்தான் இன்றைய கேமராக்களிலும் தொடர்கிறது.

இந்த வேகத்தில் ஒரு ஃபிரேம் 41.708 மில்லி வினாடி நிற்கும். 24-இல் நிற்பதைவிட 0.042 மில்லி வினாடிதான் அதிகம். தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் ஆயிரம் ஃபிரேம் ஓடியதும், அதாவது சுமார் 41.7 வினாடிக்குப் பிறகு, இந்தத் துளிகள் சேர்ந்து ஒரு முழு ஃபிரேமாகிவிடும். ஒலிப்பதிவின் பக்கமிருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சினிமா ஒலி வினாடிக்கு 48,000 மாதிரிகளாகப் பதிவாகிறது. 24-இல் ஒரு ஃபிரேமுக்கு 2000 மாதிரி, 23.976-இல் 2002.

மேலே சொன்ன பாடலையே எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்று பார்க்கலாம். பாடல் பதிவாகி வந்துவிட்டது, நீளம் 277.5 வினாடி. எடிட்டர் முதலில் டைம்லைனில் வைக்கும் ஷாட் 23.976-இல் எடுக்கப்பட்டது. சில மென்பொருள்கள் முதல் ஷாட்டைப் பார்த்து, அதற்கேற்ப டைம்லைனை மாற்றிக்கொள்ளவா என்று கேட்கும். சரி என்று அழுத்தினால் டைம்லைனும் 23.976 ஆகிவிடும். இப்போது அதே பாடலுக்கு அடியில் 6660 ஃபிரேம் கொள்ளாது, 6653 மட்டுமே. நீளம் 00:04:37:05 என்று காட்டும். உதட்டசைவு கச்சிதமாகப் பொருந்தும். எடிட்டிங் அறையில் எந்தக் குறையும் தெரியாது.

திரையரங்குப் பிரதியை 24-இல் செய்யும்போதுதான் குட்டு வெளிப்படும். 6653 ஃபிரேமும் ஒன்றுக்கு ஒன்றாக 24-இல் ஓடினால் 277.2 வினாடியில் படம் முடிந்துவிடும். மிக்சிங் கூடத்திலிருந்து நேராக வந்த பாடலோ 277.5 வினாடி. பல்லவியில் பொருந்திய உதடு கடைசிச் சரணத்தில் ஏழு ஃபிரேம் முந்திப் போயிருக்கும்.

கோளாறு எந்த வகை என்று அறிய இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவு விலகல் இருந்தால் அது வெறும் நகர்வு. ஒலியை அத்தனை ஃபிரேம் தள்ளி வைத்தால் தீர்ந்துவிடும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் அது ஃபிரேம் ரேட் பிழை; எத்தனை முறை தள்ளினாலும் தீராது. விலகல் ஆயிரம் ஃபிரேமுக்கு ஒன்று என்ற கணக்கில் வளர்ந்தால் 24-க்கும் 23.976-க்கும் நடுவே எங்கோ இடறியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். எடிட்டிங் முழுவதும் முடிந்துவிட்ட நிலையில் படத்தை மறுபடி வெட்ட வேண்டியதில்லை. ஒலியை 1001-க்கு 1000 என்ற விகிதத்தில் சுருக்கினால் போதும். அந்த ஆயிரத்தில் ஒரு பங்குச் சுருதி மாற்றத்தைக் காது உணராது.

இதையெல்லாம் வேலை தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ffprobe என்ற இலவசக் கருவி, கோப்பின் உள்ளே இருப்பதை அப்படியே சொல்லிவிடும்.

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=r_frame_rate,avg_frame_rate,nb_frames -of default=nw=1 song.mp4
```

விடையில் 24/1 என்று வந்தால் அது 24. 24000/1001 என்று வந்தால் 23.976. மென்பொருள்கள் இதை 23.98 என்றும் சில சமயம் வெறும் 24 என்றும் சுருக்கிக் காட்டுவதால், பின்னமாகப் பார்ப்பதே நம்பகமானது. r_frame_rate, avg_frame_rate இரண்டும் வேறுபட்டால், அந்தக் கோப்பின் வேகம் நிலையாக இல்லை என்று சந்தேகிக்க வேண்டும். கைப்பேசியில் எடுத்த வீடியோக்களில் இது சாதாரணம். வெளிச்சம் குறைந்தால் சில கைப்பேசிகள் ஃபிரேம் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். அப்படிப்பட்ட கோப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் வெவ்வேறு நேரம் நிற்பதால் பெருக்கல், வகுத்தல் எதுவும் பொருந்தாது. முதலில் அதை நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டுத்தான் எடிட்டிங்கைத் தொடங்க வேண்டும்.

அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக 29.97-இல் வேலை செய்பவர்களுக்கு மட்டும் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே டைம்கோடு எண்கள் வினாடிக்கு 30 என்றே ஓடுவதால், ஒரு மணி நேரத்தில் கடிகாரத்தைவிட 3.6 வினாடி பின்தங்கிவிடும். அதைச் சரிக்கட்ட, ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இரண்டு எண்களைத் தாண்டிப் போகும் முறை இருக்கிறது. பத்தால் வகுபடும் நிமிடங்களில் மட்டும் தாண்டுவதில்லை. தாண்டப்படுவது எண்தான், படம் எதுவும் நீக்கப்படுவதில்லை.

டப்பிங்குக்கோ மிக்சிங்குக்கோ படத்தைக் கொடுக்கும்போது '4 நிமிடம் 37 வினாடி' என்று மட்டும் எழுதி அனுப்புவது போதாது. '6660 ஃபிரேம், 24/1' என்று மொத்த ஃபிரேமையும் ரேட்டையும் சேர்த்து எழுத வேண்டும். அந்த இரண்டும் இருந்தால் நேரத்தை யார் வேண்டுமானாலும் தாங்களே கணக்கிட்டுச் சரிபார்த்துக்கொள்ள முடியும்.