3 பிகோஃபாரட் 600 ஆவது எப்படி?

பிசி547 எலெக்ட்ரானிக்ஸ் பழகுகிறவர்கள் எல்லோருக்கும் அறிமுகமான டிரான்சிஸ்டர். அதன் டேட்டாஷீட்டைப் புரட்டினால் 300 மெகாஹெர்ட்ஸ் என்று ஓர் எண் கண்ணில் படும். அதை நம்பி ஓர் ஆம்ப்ளிஃபயர் கட்டி, உள்ளே கொடுக்கும் சிக்னலின் அதிர்வெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால், 100 கிலோஹெர்ட்ஸ் பக்கத்திலேயே வெளியே வரும் சிக்னல் சரிந்துவிடக்கூடும். மீடியம் வேவ் வானொலி தொடங்குவதே சுமார் 530 கிலோஹெர்ட்ஸில்தான். 300 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதிய டிரான்சிஸ்டர் அந்த இடத்துக்கே வந்து சேராமல் நின்றுவிடுகிறது. டிரான்சிஸ்டரில் பழுது எதுவும் இல்லை. அதற்குள் இருக்கும் மிகச் சிறிய ஒரு மின்தேக்குத்திறன் சர்க்யூட்டில் பலநூறு மடங்கு பெரிதாகி நிற்கிறது. இதற்கு மில்லர் விளைவு என்று பெயர்.

இதை முதலில் கணக்கிட்டுக் காட்டியவர் ஜான் மில்டன் மில்லர் என்ற அமெரிக்க இயற்பியலாளர். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிலையமான பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ் 1920இல் அவருடைய ஆய்வை வெளியிட்டது. அப்போது டிரான்சிஸ்டர் கிடையாது, வால்வுகளின் காலம். டிரையோடு என்ற மூன்று முனை வால்வின் நுழைவாயில், வெளியீட்டில் என்ன சுமையை இணைக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது என்று அவர் காட்டினார். வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது, பிறகு சிப் வந்தது. அவர் எழுதிய கணக்கு மட்டும் மாறவில்லை.

பிசி547க்கு மூன்று கால்கள். பேஸில் சிறு மின்னழுத்த மாற்றத்தைக் கொடுத்தால் கலெக்டரில் பெரிய மாற்றம் கிடைக்கும். எமிட்டர் இரண்டுக்கும் பொது. பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே உள்ள சந்தியில் மின்னூட்டம் தாங்கிகள் இல்லாத ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. அடுக்கின் இரண்டு பக்கமும் மின்கடத்தும் பகுதிகள், நடுவில் கடத்தாத பகுதி என்றால் அதுவே ஒரு மின்தேக்கிதான். யாரும் அதை வேண்டுமென்று வைக்கவில்லை. சந்தி இருந்தால் அதுவும் இருக்கும். பிசி547இல் அதன் அளவு சுமார் 3 பிகோஃபாரட். கடையில் வாங்கும் சின்ன பீங்கான் கெபாசிட்டர்களிலேயே இதைவிடப் பல மடங்கு பெரியவை சாதாரணமாகக் கிடைக்கும்.

மின்தேக்கி எவ்வளவு மின்னூட்டம் கேட்கும் என்பது அதன் இரண்டு முனைகளுக்கும் இடையே மின்னழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு முனை அசையாமல் இருந்து மறுமுனை 1 மில்லிவோல்ட் ஏறினால், 1 மில்லிவோல்ட்டுக்கான மின்னூட்டம் போதும். ஆனால் ஆம்ப்ளிஃபயரில் இந்த மின்தேக்கியின் மறுமுனை கலெக்டரில் இருக்கிறது. பேஸ் ஏறினால் கலெக்டர் இறங்கும், அதுவும் பெருக்க மடங்கு அளவுக்கு இறங்கும். ஒரு ரப்பர் பட்டையின் ஒரு முனையை நீங்கள் ஒரு சென்டிமீட்டர் இழுக்கிறீர்கள், அதே நேரத்தில் மறுமுனையை இன்னொருவர் எதிர்ப்பக்கம் நூற்றுக்கணக்கான சென்டிமீட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைக்கு அந்தப் பட்டை எவ்வளவு முறுக்காகத் தெரியும்! சிக்னலைக் கொடுக்கும் மூலத்துக்கும் அந்த 3 பிகோஃபாரட் அப்படித்தான் தெரிகிறது. பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி, அதனால் 3ஐப் பெருக்கினால் வருவதே நுழைவாயிலில் தெரியும் அளவு.

ஒரு சர்க்யூட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட் சப்ளை. கலெக்டரில் 4.7 கிலோ ஓம் மின்தடை. டிரான்சிஸ்டரில் ஓடும் மின்னோட்டம் 1 மில்லிஆம்பியர். எமிட்டர் மின்தடைக்குக் குறுக்கே ஒரு பெரிய கெபாசிட்டர் போட்டிருப்பதால், சிக்னலைப் பொறுத்தவரை எமிட்டர் தரையோடு சேர்ந்தது. 1 மில்லிஆம்பியரில் எமிட்டரின் உள் மின்தடை சுமார் 25 ஓம். 4700ஐ 25ஆல் வகுத்தால் 188. பேஸிலிருந்து கலெக்டருக்குக் கிடைக்கும் பெருக்கம் இதுதான். 3 பிகோஃபாரட்டை 189ஆல் பெருக்கினால் 567. பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையிலும் ஒரு மின்தேக்குத்திறன் உண்டு, சுமார் 30 பிகோஃபாரட். அது பெரிதாவதில்லை, அப்படியே சேர்கிறது. மொத்தம் ஏறக்குறைய 600 பிகோஃபாரட்.

இந்த 600ஐ நிரப்பவும் காலி செய்யவும் வேண்டிய மின்னோட்டம் சிக்னல் மூலத்தின் மின்தடை வழியாகத்தான் வர வேண்டும். மூலத்தின் மின்தடை 5 கிலோ ஓம், டிரான்சிஸ்டரின் நுழைவு மின்தடை 5 கிலோ ஓம் என்று கொண்டால், இரண்டும் பக்க இணைப்பாகச் சேர்ந்து 2.5 கிலோ ஓம் ஆகும். வெளியீடு 70 சதவீதமாகக் குறையும் அதிர்வெண்ணைத் தரும் வாய்பாடு இது:

f = 1 / (2πRC)

2500 ஓமையும் 600 பிகோஃபாரட்டையும் போட்டால் விடை சுமார் 106 கிலோஹெர்ட்ஸ். மில்லர் விளைவு இல்லாமல் 3 பிகோஃபாரட் வெறும் 3 ஆகவே இருந்திருந்தால், மொத்தம் 33 பிகோஃபாரட்தான், எல்லை 1.9 மெகாஹெர்ட்ஸ் வரை போயிருக்கும். டேட்டாஷீட் சொல்லும் 300 மெகாஹெர்ட்ஸ் எங்கே போயிற்று? அந்த எண் டிரான்சிஸ்டரின் மின்னோட்டப் பெருக்கம் ஒன்றாகக் குறையும் இடத்தைச் சொல்கிறது. கலெக்டரில் மின்னழுத்தம் பெரிதாக ஆடும்போது என்ன நடக்கும் என்பது அந்த எண்ணில் இல்லை.

பிரெட்போர்டில் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு. பிசி547இன் தட்டைப் பக்கத்தை நம்மைப் பார்த்து வைத்தால் கால்களின் வரிசை கலெக்டர், பேஸ், எமிட்டர். ஆக, கலெக்டரும் பேஸும் அடுத்தடுத்த துளை வரிசைகளில் உட்காருகின்றன. ஒவ்வொரு துளை வரிசைக்கு அடியிலும் ஓர் உலோகத் தகடு ஓடுகிறது. பக்கத்துப் பக்கத்துத் தகடுகளுக்கு இடையே ஓரிரு பிகோஃபாரட் இருப்பது சகஜம். அது 2 பிகோஃபாரட் என்று வைத்தாலும், அதுவும் 189 மடங்காகப் பெரிதாகி 378 பிகோஃபாரட்டை மேலே சேர்க்கும். எல்லை 106இலிருந்து 65 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஒரே சர்க்யூட், ஒரே உதிரிபாகங்கள், ஆனால் பிரெட்போர்டில் ஓர் அளவும் சாலிடர் செய்த போர்டில் வேறோர் அளவும் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, ஒரு சர்க்யூட்டில் மேல் அதிர்வெண்கள் போய்விட்டால், அது மில்லர் விளைவால்தான் என்று எப்படி உறுதி செய்வது? ஆசிலோஸ்கோப்பும் சிக்னல் ஜெனரேட்டரும் இருந்தால் இரண்டு சோதனைகள் போதும். முதலில் மூலத்தின் மின்தடையை 5 கிலோ ஓமிலிருந்து 500 ஓமாகக் குறையுங்கள். எல்லை நாலைந்து மடங்கு மேலே போனால் நெருக்கடி நுழைவாயிலில்தான் இருக்கிறது. அசையவே இல்லை என்றால் கோளாறு வெளியீட்டுப் பக்கம். பல நேரம் அங்கே கலெக்டரில் தொட்டுக்கொண்டிருக்கும் ப்ரோபின் மின்தேக்குத்திறனே குற்றவாளியாக இருக்கும். அடுத்து, மூலத்தைப் பழையபடி வைத்துவிட்டு, கலெக்டர் மின்தடையை 2.2 கிலோ ஓமாக மாற்றுங்கள். பெருக்கம் 88ஆகக் குறையும், நுழைவாயிலில் தெரியும் மின்தேக்குத்திறன் 300க்குக் கீழே வரும், எல்லை 210 கிலோஹெர்ட்ஸைத் தாண்டும். பெருக்கத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் எல்லை இரட்டிக்கிறது என்றால், அது மில்லர் விளைவின் கைரேகை. இந்த இரண்டாவது சோதனையை மட்டும் தனியாகச் செய்து முடிவுக்கு வரக் கூடாது. வெளியீட்டுப் பக்கத்துக் கோளாறும் கலெக்டர் மின்தடையைக் குறைத்தால் இதேபோல் குணமாகும்.

பெருக்கத்தை விட்டுக்கொடுக்காமல் தப்பிக்க வழி உண்டா? வால்வு காலத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1920களில், நுழைவாயிலான கிரிட்டுக்கும் வெளியீடான பிளேட்டுக்கும் நடுவே இன்னொரு கிரிட்டைத் திரைபோல வைத்து நான்கு முனை வால்வு செய்தார்கள். பிளேட்டின் ஆட்டம் கிரிட்டுக்குத் தெரியாதபடி திரை மறைத்துவிட்டது. டிரான்சிஸ்டரில் அதே வேலையை கேஸ்கோடு என்ற இணைப்பு செய்கிறது. முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டரை மின்தடையோடு சேர்க்காமல், இரண்டாவது டிரான்சிஸ்டரின் எமிட்டரோடு சேர்க்கிறார்கள். இரண்டாவதன் பேஸ் ஒரு நிலையான மின்னழுத்தத்தில் கட்டப்பட்டிருக்கும். 4.7 கிலோ ஓம் இரண்டாவதன் கலெக்டருக்குப் போய்விடும்.

இப்போது முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்குத் தெரியும் சுமை, இரண்டாவதன் எமிட்டர் மின்தடையான 25 ஓம் மட்டுமே. 25ஐ 25ஆல் வகுத்தால் அதன் மின்னழுத்தப் பெருக்கம் ஒன்று. ஆகவே 3 பிகோஃபாரட் வெறும் இரண்டு மடங்காகி 6இல் நின்றுவிடுகிறது. 30ஐயும் சேர்த்தால் 36. நுழைவாயில் எல்லை 106 கிலோஹெர்ட்ஸிலிருந்து சுமார் 1.8 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவுகிறது. 188 என்ற பெருக்கம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, ஏனென்றால் முதல் டிரான்சிஸ்டர் தரும் மின்னோட்டம் இரண்டாவதன் வழியாக 4.7 கிலோ ஓமுக்குப் போய்ச் சேருகிறது. கலெக்டர் ஆடத்தான் ஆடுகிறது, ஆனால் அந்த ஆட்டம் நுழைவாயிலைத் தொடும் வழி அடைபட்டுவிட்டது. இதற்குக் கொடுக்கும் விலை ஒரு கூடுதல் டிரான்சிஸ்டர், அதன் பேஸை நிலைநிறுத்த இரண்டு மின்தடைகள், சப்ளையில் ஓரிரு வோல்ட்.

இதே விளைவை வேண்டுமென்றே பயன்படுத்திய புகழ்பெற்ற சிப்பும் உண்டு. 1968இல் ஃபேர்சைல்ட் நிறுவனம் வெளியிட்ட 741 ஆப்பரேஷனல் ஆம்ப்ளிஃபயர் தானாக ஊசலாடத் தொடங்கிவிடாமல் இருக்க, அதன் பெருக்கம் 5 ஹெர்ட்ஸ் அளவிலேயே குறையத் தொடங்க வேண்டியிருந்தது. இவ்வளவு தாழ்ந்த எல்லைக்குத் தேவையான பெரிய கெபாசிட்டருக்குச் சிலிக்கான் துண்டில் இடம் இல்லை. அதனால் 30 பிகோஃபாரட் ஒன்றை மட்டும், பெரிய பெருக்கம் தரும் கட்டத்தின் நுழைவாயிலுக்கும் வெளியீட்டுக்கும் குறுக்கே போட்டார்கள். மில்லர் விளைவு அதைப் பலநூறு மடங்காக்கி வேலையை முடித்துக் கொடுத்தது.

உங்கள் ஆம்ப்ளிஃபயரில் மேல் அதிர்வெண்கள் மங்கினால், இன்னும் வேகமான டிரான்சிஸ்டரைத் தேடிக் கடைக்குப் போவதற்கு முன்னால் மூன்று எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே எத்தனை பிகோஃபாரட், அந்தக் கட்டத்தின் பெருக்கம் எவ்வளவு, சிக்னல் மூலத்தின் மின்தடை எவ்வளவு. அந்த மூன்றில் எதைக் குறைப்பது எளிது என்று பாருங்கள். பெரும்பாலும் மருந்து அங்கேயே கிடைத்துவிடும்.